நகைச் சீட்டில் கடை போடும் ஒரு தவணை: உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது?

என் தம்பி திருமங்கலத்தில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறான். எங்கள் அக்கா மகளுக்குக் காதணி விழா வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், தாய்மாமன் சீரில் ஒரு சங்கிலி இருக்க வேண்டுமே என்று மதுரையில் ஒரு பெரிய நகைக்கடையில் மாதம் 5,000 ரூபாய் சீட்டில் சேர்ந்தான். பதினோரு தவணை அவன் கட்டினால் பன்னிரண்டாவது தவணையைக் கடை போடும். முடிவில் 60,000 ரூபாய்க்கு நகை எடுக்கலாம். "வங்கியில் போட்டால் இவ்வளவு கிடைக்குமா அக்கா?" என்று கேட்டான். நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சீட்டு அட்டையும் ஒரு காகிதமும் இருந்தால் நீங்களும் உங்கள் சீட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் படி: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

நாம் 'சீட்டு' என்று சொன்னாலும் இது ஏலச்சீட்டு அல்ல. ஏலச்சீட்டுக்கு 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டமும் பதிவும் உண்டு. நகைச் சீட்டில் நீங்கள் கட்டுவது, பின்னால் வாங்கப்போகும் பொருளுக்கு இப்போதே கொடுக்கும் முன்பணம். பதினோரு மாதம் என்ற கணக்கு வந்ததும் இதனால்தான். 2014-இல் வந்த நிறுவன வைப்புத்தொகை விதிகளின்படி, பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்து நேர்செய்துவிட வேண்டும். நேர்செய்யாவிட்டால் அது பொதுமக்களிடம் வாங்கிய வைப்புத்தொகை ஆகிவிடும். அதற்கான கட்டுப்பாடுகள் எல்லாம் கடைமேல் வரும். ஆகவே ஒரு வருடத்துக்குள் கணக்கை முடித்துவிடும்படி திட்டத்தை வகுத்திருக்கிறார்கள்.

பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளில் நான்கு செய்திகளைத் தேடுங்கள். கடை போடும் தொகை முழுத் தவணையா, முக்கால் தவணையா, பாதியா? ஒரு மாதம் தள்ளிக் கட்டினால் அது குறையுமா? நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்? போனஸை எந்த நகைக்குப் பயன்படுத்தலாம்? பல கடைகளில் தங்கக் காசுக்குப் போனஸ் கிடையாது. நடுவில் நிறுத்தினால் போனஸ் இல்லாமல் கட்டிய தொகைக்கு மட்டும் நகை கொடுப்பதும், பணமாகத் திருப்பித் தராததும் வழக்கமான நிபந்தனைகள். என் தம்பியின் அட்டையில் முழுத் தவணை என்று இருந்தது. கூடவே, "ஏதேனும் ஒரு தவணை தவறினால் போனஸ் நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது" என்றும் இருந்தது. அந்த வரியைப் படித்த பிறகு, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிடு என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

இரண்டாம் படி: போனஸை வட்டியாக மாற்றுங்கள்

55,000 கட்டி 5,000 கிடைக்கிறது. 5,000-ஐ 55,000-ஆல் வகுத்தால் சுமார் 9 சதவீதம் வரும். பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் 55,000 ரூபாயும் வருடம் முழுக்கக் கடையில் இருக்கவில்லை. முதல் தவணை மட்டும்தான் பதினோரு மாதம் இருந்தது. இரண்டாவது பத்து மாதம் இருந்தது. கடைசித் தவணை ஒரே ஒரு மாதம்தான் இருந்தது.

ஆகவே தவணைகள் இருந்த மாதங்களைக் கூட்ட வேண்டும். 11, 10, 9 என்று 1 வரை கூட்டினால் 66. அதாவது 5,000 ரூபாய் 66 மாதம் கடையில் இருந்ததற்குச் சமம். 66 மாதத்துக்கு 5,000 ரூபாய் கூலி என்றால் மாதத்துக்குச் சுமார் 75 ரூபாய் 75 காசு. நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய், வருடத்துக்கு ஏறக்குறைய 18 சதவீதம். நம் ஊரில் 'ஒன்றரை வட்டி' என்று சொல்கிறோமே, அதேதான்.

கைப்பேசியில் விரிதாள் வைத்திருப்பவர்கள் இதை ஒரு கட்டத்தில் தட்டிப் பார்க்கலாம்:

```
=RATE(11,-5000,0,60000,1)*12
```

சுமார் 17.3 சதவீதம் என்று காட்டும். வட்டிக்கு வட்டி சேர்த்துக் கணக்கிடுவதால் காகிதக் கணக்கைவிடச் சற்றுக் குறைவாக வருகிறது. கடை முக்கால் தவணைதான் போடுகிறது என்றால் காகிதக் கணக்கில் 13.6 சதவீதமும், பாதிதான் என்றால் 9 சதவீதமும் கிடைக்கும்.

இதைப் பார்த்ததும் தம்பிக்கு முகம் மலர்ந்தது. வங்கித் தொடர் வைப்பில் இதே தவணையை ஆண்டுக்கு 6.5 சதவீதத்துக்குப் போட்டால் வட்டி ஏறக்குறைய 1,790 ரூபாய்தான். கடை தருவதோ 5,000. வங்கியைவிட 3,210 ரூபாய் கூடுதல். இவ்வளவு கொடுத்துக் கடைக்கு எப்படிக் கட்டுபடியாகிறது என்று அவன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். வட்டி கட்டாமல் சரக்கு வாங்கப் பணம் கிடைப்பது கடைக்கு ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம், நீங்கள் வேறு கடைக்குப் போக முடியாது என்பது. அந்த 60,000 ரூபாய் அந்தக் கடையின் நகையாக மட்டுமே மாறும். அந்த நகைக்கு என்ன சேதாரம் என்பதையும் அந்தக் கடைதான் சொல்லும்.

மூன்றாம் படி: நகையின் பில்லைப் பிரித்துப் போடுங்கள்

இந்தப் படிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான லாபமும் நட்டமும் இங்கேதான் இருக்கிறது.

நகை பில்லில் முதலில் தங்கத்தின் மதிப்பு வரும். அது எடையை அன்றைய 22 காரட் விலையால் பெருக்கியது. அடுத்து சேதாரம். நகை செய்யும்போது உருக்குவதிலும் ராவுவதிலும் போகும் தங்கத்துக்காக என்று தொடங்கிய வழக்கம் இது. இன்று இயந்திரத்தில் செய்யும் சங்கிலியில் அவ்வளவு தங்கம் வீணாவதில்லை. செய்கூலியும் கடையின் லாபமும் சேர்ந்த தொகைதான் இப்போது பெரும்பாலும் சேதாரம் என்ற பெயரில் வருகிறது. பிறகு இவை இரண்டின் கூட்டுத்தொகைமேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. கடைசியில் ஹால்மார்க் கட்டணம், ஒரு உருப்படிக்கு வரியோடு 53 ரூபாய்.

தம்பி பத்தாவது தவணை கட்டப் போனபோது நானும் கூடப் போனேன். காதணி விழாவுக்கு எடுக்க நினைத்த சங்கிலியை அன்றே தேர்ந்தெடுத்து, எடை போட்டு, பில் எவ்வளவு வரும் என்று எழுதி வாங்கினோம். கணக்கு எளிதாக இருக்க, கிராம் விலையை இங்கே 10,000 ரூபாய் என்று முழுமையாக்கிக்கொள்கிறேன். சங்கிலி 5.100 கிராம். தங்கத்தின் மதிப்பு 51,000. சேதாரம் 14 சதவீதம் என்றார்கள், அது 7,140. இரண்டும் சேர்ந்து 58,140. ஜி.எஸ்.டி. 1,744. ஹால்மார்க் 53. மொத்தம் 59,937 ரூபாய். அட்டையின் 60,000-க்குள் கச்சிதமாக அடங்கிவிட்டது.

அங்கிருந்து நேராகத் தெற்கு ஆவணி மூல வீதிக்கு நடந்தோம். நகைக்கடைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் தெரு. ஒரு கடையின் விலை சரியா என்று பார்க்க பத்து எட்டு நடந்தால் போதும். அதே மாதிரி இயந்திரச் சங்கிலி, அதே 916 ஹால்மார்க். நடுத்தரமான ஒரு கடையில் சேதாரம் 8 சதவீதம் என்றார்கள். அதே 5.100 கிராமுக்கு எழுதி வாங்கினேன். தங்கம் 51,000, சேதாரம் 4,080, ஜி.எஸ்.டி. 1,652, ஹால்மார்க் 53. மொத்தம் 56,785 ரூபாய்.

தவணைப் பணத்தை வங்கியில் போட்டிருந்தால் முடிவில் கையில் இருந்திருக்கும் தொகை ஏறக்குறைய 56,790. அந்தப் பணத்துக்கு இந்தத் தெருவில் அதே சங்கிலி கிடைத்திருக்கும். கடை போட்ட முழுத் தவணையும் சேதாரத்தில் கரைந்து, வங்கி வட்டி அளவுக்கு இறங்கிவிட்டது. தம்பி தெருவிலேயே நின்று இரண்டு காகிதங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

உங்கள் சீட்டுக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். இந்தச் சங்கிலியில் சேதாரத்தின் ஒவ்வொரு சதவீதமும் 510 ரூபாய், வரியோடு 525. சீட்டுக் கடையின் சேதாரம் வெளிக்கடையைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று பாருங்கள். அதை 525-ஆல் பெருக்கி 5,000-இலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதுதான் உண்மையான போனஸ். இரண்டு கடையிலும் சேதாரம் ஒன்றுதான் என்றால் 5,000-மும் உங்களுடையது. 18 சதவீத வருமானம் உண்மையே. மூன்று சதவீதம் கூடுதல் என்றால் 3,425 மிஞ்சும்; அது ஆண்டுக்கு 12.5 சதவீதம். ஆறு கூடுதல் என்றால் 1,850 மிஞ்சும்; அது 6.7 சதவீதம், வங்கிக்குச் சமம். பத்து கூடுதல் என்றால் 250 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகிறது.

ஒப்பிடும்போது ஒரே வகை நகையை ஒப்பிடுங்கள். கையால் செய்த வேலைப்பாட்டு ஆரத்தின் சேதாரத்தையும் இயந்திரச் சங்கிலியின் சேதாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயம் ஆகாது. கல் வைத்த நகையைச் சீட்டுக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. கல்லின் எடையைக் கழித்தார்களா, கல்லுக்குத் தனியாக என்ன விலை போட்டார்கள் என்பதில் போனஸ் எங்கே போனது என்றே தெரியாமல் போய்விடும்.

நான்காம் படி: தொகைச் சீட்டா, எடைச் சீட்டா?

இதுவரை சொன்னது தொகைச் சீட்டு. கட்டிய பணம் பணமாகவே நிற்கும்; கடைசி நாள் விலைக்கு நகை எடுப்பீர்கள். எடைச் சீட்டில் ஒவ்வொரு மாதமும் கட்டிய தொகைக்கு அன்றைய விலையில் எத்தனை கிராம் என்று எழுதிவிடுவார்கள். அதில் பெரும்பாலும் போனஸ் தவணை இருக்காது. அதற்குப் பதிலாகச் சேதாரம் இல்லை என்றோ, இத்தனை சதவீதம் வரை இல்லை என்றோ சொல்வார்கள்.

இரண்டையும் ஒப்பிட 9 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். பதினொன்றுக்கு ஒன்று என்ற போனஸ், கட்டிய தொகையில் 9 சதவீதம். விலை ஏறாமல் அப்படியே நின்றால், உங்கள் நகைக்கு 9 சதவீதத்துக்கு மேல் சேதாரத்தை உண்மையாகவே தள்ளுபடி செய்கிற எடைச் சீட்டு லாபம். அதற்குக் குறைவு என்றால் போனஸ் சீட்டு லாபம். 'உண்மையாகவே' என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வெளியில் 8 சதவீதத்துக்குக் கிடைக்கும் சங்கிலிக்கு 14 சதவீதம் என்று எழுதிவிட்டு அந்தப் பதினான்கையும் தள்ளுபடி செய்தால், உங்களுக்குக் கிடைத்தது எட்டுதான்.

விலை ஏறினால் நிலைமை மாறும். சீட்டுத் தொடங்கும்போது கிராம் 10,000 ஆக இருந்து, மாதாமாதம் சீராக ஏறி முடிவில் 12,000 ஆனது என்று வைத்துக்கொள்வோம். தொகைச் சீட்டின் 60,000-க்குக் கடைசி விலையில் 5 கிராம் தங்கத்தின் மதிப்பு இருக்கும். எடைச் சீட்டில் போனஸே இல்லாமல் 5.06 கிராம் சேர்ந்திருக்கும். அதாவது பதினோரு மாதத்தில் விலை 20 சதவீதம் ஏறினால், கடை போட்ட தவணை விலையேற்றத்திலேயே மறைந்துவிடுகிறது. விலை இறங்கினால் தொகைச் சீட்டுக்காரருக்குக் கூடுதல் எடை கிடைக்கும். விலை எந்தப் பக்கம் போகும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் காதணி விழாவுக்கு இத்தனை கிராம் போட வேண்டும் என்று எடையில் முறை நிர்ணயித்திருக்கும் குடும்பமாக இருந்தால் எடைச் சீட்டையே சொல்வேன். அங்கே குறைந்தால் சபையில் நிற்கப்போவது நீங்கள்.

ஐந்தாம் படி: பணம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. நகைச் சீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. கடை மூடினால் நீங்கள் கடன்கொடுத்தவர்களில் ஒருவர், அவ்வளவுதான். 2023-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு மதுரை உட்படப் பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு நகைக்கடை மூடியபோது, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றவர்களை நம் ஊர் பார்த்தது. ஒரு தவணை போனஸ் என்பது வியாபாரத்தில் நடக்கக்கூடிய கணக்கு. அதற்கு மேலே போய், மாதாமாதம் வட்டி, முதலீட்டுக்கு இத்தனை கிராம் தங்கம் என்று பேசுகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள். நகை விற்பனையில் வரும் லாபத்தில் அதைக் கொடுக்க முடியாது. அடுத்தவர் கட்டுகிற பணத்திலிருந்துதான் கொடுக்க முடியும்.

ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். அதில் கடையின் பெயரோடு நிறுவனத்தின் முழுப் பெயரும் உங்கள் சீட்டு எண்ணும் இருக்க வேண்டும். அட்டையில் முத்திரை குத்தினால் மட்டும் போதாது. அசம்பாவிதம் நேர்ந்தால், காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் முதலில் கேட்பது அந்த ரசீதுகளைத்தான். 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்குகளை விசாரிக்க மதுரையிலேயே சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. கடை திறந்திருக்கிறது, ஆனால் சொன்ன போனஸைத் தரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம்.

ஆறாம் படி: நகை எடுக்கும் நாள்

அட்டையைப் பையிலேயே வைத்திருங்கள். சாதாரண வாடிக்கையாளர் போல நகையைத் தேர்ந்தெடுத்து, அன்றைய விலை, சேதாரம், வரி எல்லாம் பிரித்து எழுதிய மதிப்பீட்டுச் சீட்டைக் கேளுங்கள். பண்டிகைத் தள்ளுபடி ஏதாவது நடக்கிறதா என்றும் கேளுங்கள். சீட்டுக்காரர்களுக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது என்று பல கடைகளில் நிபந்தனை உண்டு. அந்த வித்தியாசமும் போனஸிலிருந்து கழிய வேண்டிய தொகைதான். மதிப்பீடு கைக்கு வந்த பிறகு அட்டையை எடுங்கள். சேதாரம் அதற்குப் பிறகு ஏறக் கூடாது. ஏறினால், இரண்டையும் காட்டி மேலாளரிடம் கேளுங்கள்.

தம்பி அப்படித்தான் செய்தான். பன்னிரண்டாவது மாதம் நாங்கள் இருவரும் போனோம். தெற்கு ஆவணி மூல வீதியில் எழுதி வாங்கிய காகிதத்தையும் கொண்டுபோனோம். விற்பனையாளர் 14 சதவீதத்திலேயே நின்றார். மேலாளர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு முதலில் 12 என்றார்; பிறகு 11-க்கு இறங்கினார். "எட்டுக்கு எங்களால் வர முடியாது தம்பி, கடை வாடகையே அப்படி" என்றார்.

11 சதவீதத்தில் அதே சங்கிலிக்கு பில் 58,361 ஆனது. மீதி 1,639 ரூபாயைப் பணமாகத் தர மாட்டார்கள் என்பது அட்டையிலேயே இருந்தது. அதனால் அதே மாதிரியில் சற்று நீளமான 5.240 கிராம் சங்கிலியை எடுத்தோம். 59,962 ரூபாய் ஆனது. அந்த எடையை 8 சதவீதச் சேதாரத்தில் வெளியே வாங்கியிருந்தால் 58,343 ஆகியிருக்கும். அவன் கட்டியது 55,000. ஆக உண்மையான லாபம் 3,343 ரூபாய். 66 மாதக் கணக்கில் ஆண்டுக்கு 12 சதவீதம்.

கணக்கு முடிந்ததும் கடையை விட்டு உடனே கிளம்பவில்லை. சங்கிலியின் கொக்கிக்குப் பக்கத்தில் பொறித்திருந்த ஆறு எழுத்து ஹால்மார்க் எண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடியில் படித்து, கைப்பேசியில் BIS Care செயலியில் Verify HUID என்ற இடத்தில் தட்டினோம். 22 காரட், 916 என்று வந்தது. பில்லிலும் எடை, தூய்மை, சேதாரம் தனித்தனியாக இருக்கிறதா, போனஸ் 5,000 கழித்துக் காட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். எடையில் 5.240 என்பதற்குப் பதிலாக 5.270 என்று விழுந்திருந்தது. மறுபடி தராசில் வைக்கச் சொன்னோம், 5.240 காட்டியது. பில்லை மாற்றி அடித்துக் கொடுத்தார்கள்.